‘ஏரியில்’ என்பதற்கு இன் போடுவதா, ஆன் போடுவதா, அட் போடுவதா?

பனிமூட்டம்_ஏற்காடு

வணக்கம். ஏற்காட்டில் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி நான்கு அறை உள்ள ஒரு சின்ன விடுதியை நானும் மனைவியும் நடத்துகிறோம். வருகிறவர்களிடம் போனில் ஆங்கிலத்தில்தான் செய்தி அனுப்ப வேண்டியிருக்கிறது. போன மாதம் லண்டனில் இருந்து ஒரு குடும்பம் வந்தது, இரண்டு சின்னப் பிள்ளைகள். சேலத்தில் இருந்து பஸ்ஸில் மேலே வந்து இறங்கிவிட்டு, மாலை 5:50க்கு ‘வந்துவிட்டோம்’ என்று செய்தி போட்டார்கள். நான் அப்போது கீழே சேலத்தில் மளிகை ஏற்றிக்கொண்டிருந்தேன். எப்படியும் ஏழு மணிக்குள் மேலே வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, ‘ஐ வில் கம் டு த பஸ் ஸ்டாண்ட் இன் செவன்’ என்று பதில் அனுப்பினேன்.

அவர்கள் அதை ஏழு நிமிடத்தில் வருகிறேன் என்று புரிந்துகொண்டார்கள். அதனால் டாக்ஸி பிடிக்காமல், ஒரு டீக்கடைக்குள் போய் உட்காரக்கூட இல்லாமல், பைகளோடு வெளியிலேயே நின்றிருக்கிறார்கள். பனி இறங்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி 6:55. சின்னப் பிள்ளை அம்மாவின் சால்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் ‘வி வில் மீட் இன் த லேக்’ என்று சொன்னபோது அந்த அம்மாவே பொறுமையாகத் திருத்தினார்கள், ‘அட் த லேக்’ என்று. ஏன் என்று கேட்டதற்கு அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை, அப்படித்தான் சொல்வோம் என்றார்கள். தமிழில் எல்லாமே ‘இல்’தான். ஏரியில், பையில், சுவரில், பஸ்ஸில், மே மாதத்தில், காலையில். இதில் எதற்கு எது என்று பிடிபட ஏதாவது வழி இருக்கிறதா? நூறு வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், பள்ளியில் அதைச் செய்துதான் வந்தேன்.

அஸ்தம்பட்டி_டியூஷன்

இதற்குச் சுலபமான வழி உண்டுங்க. ஒரு தலைகீழ் முக்கோணம் வரையுங்கள். மேலே அகலமான இடத்தில் இன், நடுவில் ஆன், கீழே கூர்முனையில் அட். பெரியதற்கு இன், நடுத்தரத்துக்கு ஆன், சின்னதற்கு அட். வருஷம், மாதம் பெரியது, அதனால் இன். கிழமை, தேதி நடுத்தரம், அதனால் ஆன். மணி சின்னது, அதனால் அட். இடத்துக்கும் இதே கதைதான். நாடு, பெரிய ஊர் என்றால் இன், தெரு என்றால் ஆன், வீட்டு எண், சின்ன ஊர் என்றால் அட். இன் சேலம், அட் ஏற்காடு. பதினைந்து வருஷமாக இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன், பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள்.

தட்டச்சு_நாகு

சார், நான் கோர்ட் பக்கத்தில் டைப்பிங் வேலை பார்க்கிறேன். சின்ன ஊருக்குத்தான் அட் என்றால், நாங்கள் தினமும் அடிக்கிற ‘ஹை கோர்ட் ஆஃப் ஜுடிகேச்சர் அட் மெட்ராஸ்’ எப்படி வந்தது? மெட்ராஸ் சின்ன ஊரா? மனுக்களில் ‘ரிசைடிங் அட்’ என்றுதான் விலாசம் ஆரம்பிக்கும். ஊர் பெரிதா சின்னதா என்று யாரும் பார்ப்பதில்லை.

அஸ்தம்பட்டி_டியூஷன்

அது பழைய சட்ட ஆங்கிலம் நாகு. பேச்சுக்கு அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

குகை_மொழிபெயர்ப்பு

இருபது வருஷமாக மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். இந்த மூன்றும் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தவை என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டியூஷன் சார் சொன்ன முக்கோணம் நேரத்துக்குக் கிட்டத்தட்டச் சரி. இடத்துக்குத்தான் அது வழி தவற வைக்கும், ஏனென்றால் இடத்தில் அளவு ஒரு விஷயமே இல்லை. நாகலூரில் வீடு இருக்கிறவர் ‘ஐ லிவ் இன் நாகலூர்’ என்றுதான் சொல்ல வேண்டும், எவ்வளவு சின்ன ஊராக இருந்தாலும் சரி. அதே சமயம் கோவை போகிற ரயில் சேலத்தில் நிற்கிறது என்றால் ‘ஸ்டாப்ஸ் அட் சேலம்’. சேலம் மாநகராட்சி, ஆனாலும் அட்தான். ரயிலுக்குச் சேலம் தண்டவாளத்தில் ஒரு நிறுத்தம், வரைபடத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். நாகலூர்க்காரருக்கு நாகலூர் என்பது அவரைச் சுற்றி நான்கு பக்கமும் இருக்கிற ஊர். நாகு சொன்ன ‘அட் மெட்ராஸ்’ கூட அந்த நீதிமன்றம் எந்த ஊரில் அமர்கிறது என்று புள்ளி வைத்துக் காட்டுவதுதான். ஊரின் அளவு அதற்குள் வரவில்லை.

இப்போது ஏரிக்கு வருவோம். தம்பி, உங்கள் ஏரி ஒன்றே போதும், மூன்றையும் அதிலேயே பார்த்துவிடலாம்.

ஏரியில் மீன் இருக்கிறது. மீன் தண்ணீருக்குள் இருக்கிறது. இன் த லேக்.

ஏரியில் படகு போகிறது. படகு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு மேலே நிற்கிறது. ஆன் த லேக்.

நாலு மணிக்கு ஏரியில் சந்திப்போம். நீங்கள் தண்ணீருக்குள்ளும் இல்லை, தண்ணீரின் மேலும் இல்லை. படகுத்துறை வாசலிலோ டிக்கெட் கொடுக்கிற இடத்திலோ நிற்பீர்கள். ஏரி என்பது இங்கே சந்திப்புக்கு ஒரு அடையாளம் மட்டும். அட் த லேக்.

நீங்கள் ‘மீட் இன் த லேக்’ என்றபோது அந்த அம்மாவின் மனதில் எல்லோரும் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற படம் வந்திருக்கும். அதனால் ‘இல்’லைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த ‘இல்’லைத் தமிழிலேயே கொஞ்சம் விரித்துப் பாருங்கள். ‘க்குள்ளே’ என்று மாற்றினால் அர்த்தம் மாறாமல் நிற்கிறதா? அப்படியானால் இன். ‘தொட்டுக்கொண்டு’ என்று விரிக்க முடிகிறதா? அப்படியானால் ஆன். இரண்டும் ஒட்டாமல் ‘அந்த இடத்தண்டை’ என்ற அளவில் மட்டும் நிற்கிறதா? அப்போது அட்.

ஆன் என்பதற்கு ‘மேலே’ என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்ததைத்தான் முதலில் மறக்க வேண்டும். சுவரில் காலண்டர் தொங்குகிறது. சுவர் மேல் காலண்டர் என்றால் மதில் சுவரின் உச்சியில் வைத்த மாதிரி ஆகிவிடும். ஆனாலும் ஆங்கிலத்தில் ‘ஆன் த வால்’தான். மேல்தளத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கிற பல்லி தளத்துக்குக் கீழேதான் இருக்கிறது, அதற்கும் ‘ஆன் த சீலிங்’. மேலா கீழா என்பது ஆனுக்குப் பொருட்டே இல்லை, ஒட்டியிருந்தால் போதும். இதை வைத்தே ‘மேட்டூர் ஈஸ் ஆன் த காவேரி’ என்பதும் விளங்கும். ஊர் ஆற்றின் மேல் மிதக்கவில்லை, ஆற்றங்கரையை ஒட்டி இருக்கிறது.

வாழப்பாடி_அம்மா

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. என் மகள் ஏழாம் வகுப்பு. பரீட்சையில் கோடிட்ட இடம் நிரப்பச் சொல்லி மரத்தில் குரங்கு இருக்கிறது என்கிற மாதிரி ஒரு வாக்கியம். இவள் ஆன் போட்டாள். தப்பு என்று அடித்துவிட்டார்கள். அதற்குக் கீழேயே மரத்தில் மாங்காய் தொங்குகிறது என்று இன்னொன்று, அதற்கு இவள் ‘முதலில் இன்தானே வந்தது’ என்று யோசித்து இன் போட்டிருக்கிறாள், அதுவும் தப்பு. ஒரே மரம், இரண்டு விடையா என்று அழுகிறாள். ஆசிரியர்தான் தவறாகத் திருத்திவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். போய்க் கேட்கலாமா?

அஸ்தம்பட்டி_டியூஷன்

மரத்துக்கு எப்போதும் ஆன்தான் என்று நினைக்கிறேன். இலை, காய், பறவை எல்லாமே மரத்தின் மேல்தானே இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

குகை_மொழிபெயர்ப்பு

கேட்கப் போக வேண்டாம் அம்மா, திருத்தியது சரிதான். குரங்கு மரத்துக்குள் இருக்கிறது. மரத்துக்குள் என்றால் தண்டைப் பிளந்து உள்ளே என்று அர்த்தமில்லை, கிளையும் இலையும் சேர்ந்து ஒரு கூடாரம் மாதிரி இருக்கிறதே, அதற்குள். குரங்கு அதற்குள் தாவும், ஒளியும், வெளியே வரும். அதனால் இன் த ட்ரீ. மாங்காய் காம்பினால் மரத்தோடு ஒட்டியிருக்கிறது, அதன் ஒரு பகுதி. அதனால் ஆன் த ட்ரீ. வெளியில் இருந்து வந்து உட்கார்ந்ததா, மரத்திலேயே விளைந்ததா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்லிவிடுவாள்.

ஏற்காட்டுத் தம்பிக்கு இன்னும் நல்ல உதாரணம் அவர் வீட்டுப் பக்கமே இருக்கிறது. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். கொடி மரத்தைத் தழுவிக்கொண்டு ஏறுகிறது, அது ஆன். அதே மரத்தின் உச்சிக் கிளைகளுக்கு நடுவே கூடு கட்டிய காக்கை, அது இன். மரம் ஒன்றுதான், ஒட்டியிருப்பதும் புகுந்திருப்பதும் வேறு வேறு.

வாழப்பாடி_அம்மா

அப்படியா! விளைந்ததா வந்து உட்கார்ந்ததா என்று கேட்டேன், இரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டாள். இப்போது அவளே என்னைக் கேட்கிறாள், மரத்தில் கட்டின ஊஞ்சல் என்ன என்று.

குகை_மொழிபெயர்ப்பு

கேட்கட்டும், நல்ல கேள்வி. கயிறு கிளையில் ஒட்டித் தொங்குவதால் ‘ஹேங்கிங் ஃப்ரம் த ட்ரீ’ என்று சொல்வதுதான் இயல்பு. தொங்குவதைச் சொல்லும்போது ஆங்கிலம் எங்கிருந்து தொங்குகிறது என்று பார்க்கும்.

சங்ககிரி_லோடு

நமக்கு லாரி தொழில். நீங்கள் சொல்கிற உள்ளே, ஒட்டி என்பதை வைத்துப் பார்த்தால் லாரியில் டிரைவர் இருக்கிறார் என்றால் இன், லாரியில் சரக்கு இருக்கிறது என்றால் ஆன். சரிதானே அக்கா? டிரைவர் கேபினுக்குள், சரக்கு பாடி மேல்.

அப்புறம் என் பிரச்சினை வேறு. வடக்கே இருக்கிற பார்ட்டிகளுக்கு மெயில் போடும்போது ‘மெட்டீரியல் வில் ரீச் விதின் மண்டே’ என்றுதான் எழுதுவோம், திங்கட்கிழமைக்குள் வந்துவிடும் என்று. ஒரு பார்ட்டி திருப்பிக் கேட்டார், ஞாயிறு வருமா திங்கள் வருமா, திங்களேதான் என்றால் எத்தனை மணிக்கு என்று. இதில் என்ன குழப்பம் என்றே எனக்குப் புரியவில்லை. உள்ளே என்றால் விதின்தானே?

குகை_மொழிபெயர்ப்பு

லாரி சரி. திறந்த பாடியில் ஏற்றிய சரக்கு ஆன், மூடிய கண்டெய்னர் என்றால் அதே சரக்கு இன் ஆகிவிடும்.

உங்கள் விதின் விஷயமும் தம்பியின் இன் செவனும் ஒரே இடத்தில் இருந்து வருகிற தவறு, அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். தமிழில் ‘ஏழு மணிக்குள்’ என்கிறோம். அந்தக் ‘குள்’ பைக்குள், வீட்டுக்குள் என்பதில் வருகிற அதே குள். அதனால் கை தானாக இன் என்றோ விதின் என்றோ எழுதிவிடுகிறது. ஆனால் தமிழ்க் ‘குள்’ இரண்டு வேலை செய்கிறது. ‘இரண்டு மணி நேரத்துக்குள்’ என்றால் ஒரு நீளம், அந்த நீளத்துக்குள் ஏதோ ஒரு கணம். ‘இரண்டு மணிக்குள்’ என்றால் ஒரு எல்லைக்கல், அதைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் இன், விதின் இரண்டுக்கும் பின்னால் நீளம்தான் வர வேண்டும். எல்லைக்கல்லுக்கு பை. ‘விதின் டூ அவர்ஸ்’, ஆனால் ‘பை டூ ஓ கிளாக்’. ‘விதின் த்ரீ டேஸ்’, ஆனால் ‘பை மண்டே’.

எழுதியதைச் சரிபார்க்க, தமிழில் ‘நேரம்’ என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் சொல்ல வந்தது ஏழு மணியா, ஏழு மணி நேரமா? நேரம் சேர்ந்தால் இன் அல்லது விதின் போடலாம், சேராவிட்டால் பை. கிழமைக்கும் அப்படித்தான், ‘மூன்று நாளைக்குள்’ நீளம், ‘திங்கட்கிழமைக்குள்’ எல்லை.

தம்பி எழுதிய ‘இன் செவன்’ ஏன் ஏழு நிமிடமானது? இன்னுக்குப் பின்னால் நீளம் வரும் என்று அவர்கள் காது எதிர்பார்க்கிறது. எண் மட்டும் இருந்தால், பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப்போகிற பேச்சில் நிமிடம் என்று அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். நீங்கள் ‘பை செவன்’ என்று எழுதியிருந்தால் குழப்பமே வந்திருக்காது. ‘டில் செவன்’ என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம், ஏழு மணி வரை அங்கேயே நிற்கிறேன் என்று ஆகியிருக்கும்.

சங்ககிரி_லோடு

அப்போ ‘பை மண்டே’ என்றால் திங்கள் சேர்த்தியா, சேர்த்தி இல்லையா? பார்ட்டி கேட்டதும் அதுதானே.

குகை_மொழிபெயர்ப்பு

சேர்த்திதான் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் திங்கள் காலை என்று ஒருவர் நினைப்பார், திங்கள் மாலை என்று இன்னொருவர் நினைப்பார். பணம் சம்பந்தப்பட்டது என்றால் அந்த ஒரு சொல்லை நம்பி இருக்காதீர்கள், ‘பை 6 பி.எம். ஆன் மண்டே’ என்று மணியையும் போட்டுவிடுங்கள்.

பனிமூட்டம்_ஏற்காடு

அக்கா, அந்தக் ‘குள்’ விளக்கம் படித்ததும் என் போனில் பழைய செய்திகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ‘வெகேட் த ரூம் விதின் 11’ என்று எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறேன். யாரும் கேட்காததால் சரி என்றே நினைத்திருந்தேன். நேற்றே மாற்றிவிட்டேன். நேரத்துக்கு முக்கோணம் சரி என்றீர்கள், ஆனால் கிழமைக்கு ஆன் என்பது எனக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது. ‘வெள்ளிக்கிழமை வாருங்கள்’ என்று தமிழில் ஒன்றுமே சேர்க்காமல் சொல்கிறோமே, அதனால் ஆங்கிலத்திலும் விட்டுவிடுகிறேன்.

குகை_மொழிபெயர்ப்பு

ஒன்றும் சேர்க்காமல் சொல்கிறோம், ஆனால் சேர்க்க ஒரு சொல் இருக்கிறது. ‘அன்று’. வெள்ளிக்கிழமையன்று, 15ஆம் தேதியன்று, பிறந்தநாளன்று. மணிக்கு அன்று ஒட்டாது, பத்து மணியன்று என்று யாரும் சொல்வதில்லை. மாதத்துக்கும் ஒட்டாது, மே மாதத்தன்று என்றால் காது உறுத்தும். வருஷத்துக்கும் அப்படித்தான். அதனால் அன்று ஒட்டுகிற இடத்தில் ஆன் போடுங்கள். மணிக்கு ‘க்கு’ வருகிறது, அங்கே அட். மாதம், வருஷத்துக்கு ‘இல்’ வருகிறது, அங்கே இன்.

முக்கோணம் தடுமாறுகிற ஒரு இடத்தில் இது எப்படி உதவுகிறது என்று பாருங்கள். காலையில் என்பதற்கு ‘இன் த மார்னிங்’. திங்கட்கிழமை காலையில் என்பதற்கு ‘ஆன் மண்டே மார்னிங்’. காலை என்பது கிழமையைவிடச் சின்னது, அதற்கு ஏன் பெரியதற்கு உரிய இன் வருகிறது, கிழமையைச் சேர்த்ததும் ஏன் ஆனாக மாறுகிறது என்று அளவை வைத்துச் சொல்ல முடியாது. அன்று போட்டுப் பாருங்கள். காலையன்று, ஒட்டவில்லை. திங்களன்று காலை, ஒட்டுகிறது. பொங்கலுக்கும் இதைச் சொல்லலாம். பொங்கலன்று என்றால் அந்த ஒரு நாள், ‘ஆன் பொங்கல் டே’. பொங்கலுக்கு ஊருக்கு வருவேன் என்றால் போகி முதல் காணும் பொங்கல் வரை அந்தச் சமயம் முழுதும், ‘அட் பொங்கல்’.

அஸ்தம்பட்டி_டியூஷன்

இது நன்றாக இருக்கிறது, வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் ஓட்டை இருக்கிறதே மேடம். ‘அடுத்த திங்களன்று’ என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ என்று எழுதினால் நான் மதிப்பெண் குறைப்பேன். அதே மாதிரி ‘இரவில்’ என்பதற்கு உங்கள் கணக்குப்படி இன் வர வேண்டும், வருவது ‘அட் நைட்’.

குகை_மொழிபெயர்ப்பு

இரண்டும் சரியான மறுப்பு சார். அடுத்த, போன, இந்த, ஒவ்வொரு என்ற நான்கும் முன்னால் வந்துவிட்டால் மூன்றில் எதுவும் தேவையில்லை. ‘நெக்ஸ்ட் மண்டே’, ‘லாஸ்ட் மே’, ‘திஸ் மார்னிங்’, ‘எவ்ரி ஃப்ரைடே’. அந்தச் சொல்லே நேரத்தைக் கட்டிப் பிடித்துவிடுகிறது. இதைத் தனியாகத்தான் நினைவில் வைக்க வேண்டும், அன்று இதில் உதவாது. அட் நைட் அப்படியே பழகிப்போன வழக்கு, காரணம் சொல்லி நான் சமாளிக்க மாட்டேன். ஒரு குறிப்பிட்ட இரவில் நடுவே ஏதோ நடந்தது என்றால், ராத்திரி நாய் குரைத்தது என்கிற மாதிரி, ‘இன் த நைட்’ என்றும் சொல்வார்கள்.

தட்டச்சு_நாகு

வார இறுதிக்கு என்ன போடுவது? எங்கள் மேலதிகாரி ஒருவர் அட் என்று திருத்துவார், இன்னொருவர் அதையே ஆன் என்று திருத்துவார். நான் நடுவில் மாட்டிக்கொள்கிறேன்.

குகை_மொழிபெயர்ப்பு

‘அட் த வீக்எண்ட்’ பிரிட்டிஷ் வழக்கு, ‘ஆன் த வீக்எண்ட்’ அமெரிக்க வழக்கு. இரண்டு பேரும் சரி. யாருக்காக அடிக்கிறீர்களோ அவர்கள் விருப்பப்படி அடியுங்கள்.

சங்ககிரி_லோடு

பஸ் மட்டும் இன்னும் உதைக்கிறது. காருக்குள் உட்காருகிறோம், இன் த கார். பஸ்ஸுக்குள்ளும்தான் உட்காருகிறோம், கூரை, கதவு, ஜன்னல் எல்லாம் இருக்கிறது. ஆனால் ‘ஆன் த பஸ்’ என்கிறார்கள். நம்ம லாரிக்கு வந்த கணக்கு பஸ்ஸுக்கு ஏன் வரவில்லை?

அஸ்தம்பட்டி_டியூஷன்

உள்ளே எழுந்து நின்று நடக்க முடிந்தால் ஆன். பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து ஏறி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் இன். கார், ஆட்டோ, டாக்ஸி. கால் போட்டு மேலே உட்கார்ந்தால் மறுபடி ஆன், பைக், சைக்கிள், குதிரை. இதில் பிள்ளைகள் தப்பு செய்வதே இல்லை.

தட்டச்சு_நாகு

அப்படியானால் மினி வேனில்? பத்து பேர் போகலாம், எழுந்து நிற்க முடியாது. நிற்க முடிகிற வேனும் இருக்கிறது.

குகை_மொழிபெயர்ப்பு

சார் சொன்ன எழுந்து நடக்கிற கணக்கு விடை சரியாகத் தருகிறது, ஆனால் அதுதான் காரணமா என்பதில் எனக்கு உடன்பாடு முழுதாக இல்லை. எனக்குப் பிடித்த விளக்கம் வேறு. பஸ்ஸும் ரயிலும் உங்களுக்காகக் கிளம்புவதில்லை, அவை தன் பாதையில் போய்க்கொண்டே இருக்கின்றன, நீங்கள் அந்த ஓட்டத்தில் ஏறித் தொற்றிக்கொள்கிறீர்கள். கார் உங்களுக்காகவே கிளம்புகிறது. வேனுக்கும் இன் என்றே பெரும்பாலும் வருவதோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் தனி விமானத்துக்கும் ஆன்தான் என்பதால் என் விளக்கமும் அங்கே நொண்டுகிறது. பஸ்ஸின் உட்புறத்தையே குறிப்பிட்டுப் பேசினால், பஸ்ஸுக்குள் புழுக்கமாக இருந்தது என்கிற மாதிரி, ‘இன் த பஸ்’ஸும் தவறில்லை.

அஸ்தம்பட்டி_டியூஷன்

என் கணக்கில் தனி விமானம் வந்துவிடுகிறது மேடம், உள்ளே நடக்கலாம். நான் என்னுடையதையே வைத்துக்கொள்கிறேன்.

பனிமூட்டம்_ஏற்காடு

அக்கா, சார், எல்லாருக்கும் நன்றி. மலைப்பாதையைப் பற்றி மட்டும் இன்னும் கேட்க வேண்டும். சேலத்தில் இருந்து வருகிற சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். வண்டியில் வருகிறவர்களிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு, அதை வைத்துத்தான் சாப்பாட்டைச் சூடு பண்ணுவோம். ‘பதிமூன்றாவது வளைவில் இருக்கிறோம்’ என்பதற்கு அட்தானே? அது ஒரு புள்ளி. அப்புறம் நான் கீழே இருந்து ‘வழியில் வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் இன் த வே’ என்று அனுப்புவேன், அதையும் இப்போது சந்தேகமாகப் பார்க்கிறேன்.

குகை_மொழிபெயர்ப்பு

வளைவுக்கு அட் சரி, நீங்களே பிடித்துவிட்டீர்கள். அடிவாரத்துக்கும் அட், ‘அட் த ஃபுட் ஆஃப் த ஹில்’. மலையில் என்பதில் மட்டும் கவனம். தனி ஒரு குன்றின் மேல் வீடு என்றால் ‘ஆன் த ஹில்’. சேர்வராயன் மலைத்தொடருக்கு நடுவே எங்கோ என்றால் ‘இன் த ஹில்ஸ்’, சுற்றிலும் மலை சூழ்ந்திருப்பதால்.

வழியை உடனே மாற்றுங்கள். ‘ஆன் த வே’ என்றால் பாதையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். ‘இன் த வே’ என்றால் குறுக்கே நின்று மறித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் சாலையில் மரம் விழுந்து கிடந்தால் அதுதான் இன் த வே.

இன்னொன்று உங்களுக்கு அடிக்கடி தேவைப்படும். ‘நேரத்தில்’ என்பதும் இரண்டாகப் பிரியும். ரயில் அட்டவணைப்படி வந்தால் ‘ஆன் டைம்’. நீங்கள் ஓடிப்போய் அது கிளம்புவதற்குள் பிடித்துவிட்டால் ‘இன் டைம்’. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குச் சேலம் ஜங்ஷனுக்கு வண்டி ஏற்பாடு செய்யும்போது ‘யூ வில் பி இன் டைம் ஃபார் த ட்ரெயின்’ என்று சொன்னால் போதும், ரயில் நேரத்துக்கு வருமா என்ற பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

வாழப்பாடி_அம்மா

மகள் கேட்கிறாள், மூலையில் என்பதற்கு என்ன? அறை மூலையில் துடைப்பம், தெரு மூலையில் கடை. புத்தகத்தில் இரண்டும் வேறு வேறாக இருக்கிறதாம்.

குகை_மொழிபெயர்ப்பு

அறையின் மூலை உள்ளே குழிந்தது, துடைப்பம் அதற்குள் நிற்கிறது, இன் த கார்னர். தெரு மூலை வெளியே துருத்தியது, அதற்குள் புக முடியாது, அட் த கார்னர் அல்லது ஆன் த கார்னர். அதைத் தெரு முனை என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள் அம்மா, முனை என்று சொல்ல முடிகிற மூலைக்கு இன் வராது.

பனிமூட்டம்_ஏற்காடு

இந்த வெள்ளிக்கிழமை பெங்களூரில் இருந்து ஒரு குழு வருகிறது. அவர்களுக்கு அனுப்ப இப்படி எழுதி வைத்திருக்கிறேன், யாராவது ஒருமுறை பாருங்கள்.

‘வி வில் பி அட் த பஸ் ஸ்டாண்ட் பை 5 பி.எம். ஆன் ஃப்ரைடே. இஃப் யூ ஆர் கமிங் இன் எ கார், ப்ளீஸ் கால் அஸ் அட் த டென்த் பெண்ட். டின்னர் ஈஸ் அட் 8. ஆன் சாட்டர்டே மார்னிங் வி வில் கோ போட்டிங் இன் த லேக். ப்ளீஸ் வெகேட் த ரூம் பை 11 ஆன் சண்டே.’

அஸ்தம்பட்டி_டியூஷன்

போட்டிங் ஆன் த லேக். மற்றதெல்லாம் சரி.

தட்டச்சு_நாகு

பத்தாவது வளைவில் எல்லா போனுக்கும் சிக்னல் கிடைக்குமா? போன முறை நான் வந்தபோது எனக்குக் கிடைக்கவில்லை. அடிவாரத்திலேயே கூப்பிடச் சொல்லுங்கள்.

பனிமூட்டம்_ஏற்காடு

சரி, இரண்டையும் மாற்றிவிட்டேன். ‘அட் த ஃபுட் ஆஃப் த ஹில்’ என்று போட்டு இப்போதுதான் அனுப்பினேன்.